பாட்டிலின் முதுகைப் படியுங்கள்: பொடுகு ஷாம்புவின் மூன்று மருந்துகள்

எங்கள் கடையில் பொடுகு ஷாம்புக்கென்றே ஒரு முழுத் தட்டு இருக்கிறது. நீலம், பச்சை, கறுப்பு என்று நிறம் நிறமாகப் பாட்டில்கள். ஒன்றில் எலுமிச்சை படம், ஒன்றில் புதினா இலை, இன்னொன்றில் கால்பந்து வீரரின் சிரிப்பு. ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன மருந்தகம் இது. சம்பளம் வந்த வாரத்தில் தோட்டத்து ஆட்கள் வந்து அந்தத் தட்டின் முன்னே நிற்பார்கள். நின்று, வாசனை பார்த்து, போன தடவை வாங்காத நிறத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு மாதம் கழித்து, "இதுவும் கேட்கவில்லை" என்று திரும்பி வருவார்கள்.

மருந்தாளராக நான் முதலில் செய்யும் வேலை, அவர்கள் கையில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிக் காட்டுவதுதான். முன்பக்கம் மாறியிருக்கும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்து பெரும்பாலும் மாறியிருக்காது. மூன்று நிறுவனத்தின் மூன்று ஷாம்புகளை மாற்றி மாற்றிப் போட்டவர் உண்மையில் ஜிங்க் பைரித்தியோன் என்ற ஒரே மருந்தைத்தான் மூன்று விலையில் வாங்கியிருப்பார். அதனால் ஷாம்புவின் பெயர்களை மறந்துவிடுவோம். நம் ஊர்க் கடைகளில் பொடுகுக்குக் கிடைப்பவற்றில் முக்கியமான மருந்துகள் மூன்று: ஜிங்க் பைரித்தியோன், கீட்டோகோனசோல், செலினியம் சல்ஃபைடு. இவை மூன்றும் வேறு வேறு விதமாக வேலை செய்பவை, வேறு வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டியவை.

பொடுகு எப்படி உண்டாகிறது

தலையில் அழுக்கு சேர்வதால் பொடுகு வருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தலைத்தோல் காய்ந்துபோவதால் வருகிறது என்பது இன்னொரு நம்பிக்கை. இந்த இரண்டாவது நம்பிக்கைதான் அதிகம் கெடுக்கிறது. காய்ந்ததற்கு வைத்தியம் எண்ணெய் என்று நாம் உடனே தேங்காயெண்ணெய் பாட்டிலைத் திறந்துவிடுகிறோம்.

நம் எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. பொடுகே வராத தலையிலும் அது உண்டு. இந்தப் பூஞ்சைக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே உண்டாக்கத் தெரியாது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத்தான் அது பிழைக்கிறது. உடைத்ததில் தனக்குப் பிடித்த கொழுப்பு அமிலங்களைத் தின்றுவிட்டு, பிடிக்காதவற்றை அங்கேயே விட்டுவிடும். அப்படி மிஞ்சுவதில் முக்கியமானது ஒலியிக் அமிலம். அது தோலுக்குள் இறங்கினால் சிலருக்கு எரிச்சல் உண்டாகிறது. சிலருக்கு மட்டும்தான். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், பொடுகு வரும் வாகுள்ளவர்களின் தலையில் ஒலியிக் அமிலத்தைத் தடவியபோது செதில் உதிர்ந்தது; அந்த வாகு இல்லாதவர்களின் தலையில் ஒன்றும் ஆகவில்லை. ஒரே வீட்டில், ஒரே தண்ணீரில், ஒரே சோப்பில் குளிக்கும் அண்ணன் தம்பியில் ஒருவருக்கு மட்டும் தோளெல்லாம் வெள்ளையாக உதிர்வது இதனால்தான். சுத்தத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

எரிச்சல்பட்ட தோல் அவசரப்படுகிறது. சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். அது கண்ணுக்குத் தெரியாத தூளாகத்தான் உதிரும். பொடுகுத் தலையில் அந்தப் பயணம் வேகமாக நடக்கிறது. செல்கள் முற்றாமலே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாக மேலே வருகின்றன. சட்டைக் காலரில் நாம் பார்க்கும் வெள்ளைச் செதில் அந்தக் கொத்துதான்.

இந்தக் கதையில் மருந்து புகுவதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. பூஞ்சையைக் குறைக்கலாம், அல்லது தோலின் அவசரத்தைக் குறைக்கலாம். மூன்று மருந்துகளின் வித்தியாசமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றும் என்ன செய்கின்றன

ஜிங்க் பைரித்தியோன் மளிகைக் கடையிலும் கிடைக்கும் மருந்து. பெரும்பாலும் 1% அளவில் இருக்கும். பூஞ்சையின் செல்லுக்குள் அது செம்பை அளவுக்கு மீறிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தச் செம்பு, பூஞ்சை சக்தி தயாரிக்கப் பயன்படுத்தும் புரதங்களைக் கெடுத்துவிடுகிறது. இதன் தனிக்குணம், இது தண்ணீரில் எளிதில் கரையாது என்பதுதான். ஷாம்புவுக்குள் மிக நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டிருக்கும். தலையை அலசிய பிறகும் கொஞ்சம் துகள் தலைத்தோலில் தங்கி, அடுத்த குளியல் வரை வேலை செய்யும். அப்படித் தங்குவதுதான் இதன் பலம். தேய்த்த நுரையைச் சட்டென்று கழுவிவிட்டாலோ, எண்ணெய்ப் படலத்தின் மேலேயே போட்டாலோ அந்தத் துகள் தோலில் போய் உட்காராது. வாசனையிலும் நிறத்திலும் இது தொந்தரவு கொடுக்காது. தினமும் போடலாம். மென்மையான, சிக்கல் இல்லாத மருந்து.

கீட்டோகோனசோல் வேறு ரகம். இது பூஞ்சைக் கொல்லி மருந்தாகவே பிறந்தது. நம் செல்லின் மேலுறைக்குக் கொலஸ்ட்ரால் எப்படியோ, பூஞ்சையின் மேலுறைக்கு எர்கோஸ்டெரால் அப்படி. அந்த எர்கோஸ்டெராலை உண்டாக்கும் நொதியைக் கீட்டோகோனசோல் அடைத்துவிடுகிறது. உறை ஓட்டையாகிப் பூஞ்சை பெருக முடியாமல் போகிறது. ஷாம்புவில் 2% அளவு வழக்கம். எங்கள் கடையில் அது மேசைக்குப் பின்னால், நான் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை போட்டால் போதும், தினமும் தேவையில்லை. "வாங்கிப் போட்டால் ஈரல் கெட்டுவிடுமாமே" என்று கேட்பவர்கள் உண்டு. ஈரலுக்குத் தொல்லை தந்தது விழுங்கும் கீட்டோகோனசோல் மாத்திரை. 2013-இல் ஐரோப்பாவில் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், அமெரிக்காவில் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தார்கள். தலையில் தேய்த்துக் கழுவும் ஷாம்புவிலிருந்து இரத்தத்துக்குப் போகும் அளவு மிக மிகக் குறைவு. அந்தப் பயத்தை இதன் மேல் ஏற்ற வேண்டாம்.

செலினியம் சல்ஃபைடு மூன்றிலும் பழைய கை. பூஞ்சையையும் அடக்கும், தோல் செல்கள் பிறக்கும் வேகத்தையும் குறைக்கும். நான் சொன்ன இரண்டு இடத்திலும் புகுவது இதுதான். 1% அளவிலும், அதைவிட வலுவான 2.5% அளவிலும் வருகிறது. எண்ணெய் வழியும், தடித்த செதில் படியும் தலைக்கு இது நன்றாகக் கேட்கும். ஆனால் குணத்தில் முரட்டு மருந்து. கந்தக வாடை அடிக்கும். நரைத்த முடியிலும், சாயம் பூசிய முடியிலும், வெளுத்த முடியிலும் நிறத்தை மாற்றிவிடும். நகையைக் கறுக்கவைக்கும்.

இந்த நகை விஷயத்தை லேபிளில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்: "பயன்படுத்தும் முன் நகைகளைக் கழற்றவும்." நம் பெண்களில் பலர் தாலியைக் கழற்ற மாட்டார்கள். ஓர் அக்கா அப்படித்தான் ஒன்றும் யோசிக்காமல் தலைக்கு ஊற்றிக் குளித்துவிட்டு, மங்கிப்போன கொடியைத் துணியால் துடைத்தபடியே என்னிடம் வந்து நின்றார். அதற்குப் பிறகு நான் சொல்வது இது: நின்றபடி தலைக்கு ஊற்ற வேண்டாம். முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து, கூந்தலை முன்னால் தொங்கவிட்டு, தாலிக்கொடியை முதுகுப் பக்கம் போட்டு, ஒரு துண்டால் மூடிக்கொண்டு தேய்த்து அலசுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அலசும்போது இரண்டு மூன்று வாளித் தண்ணீரைக் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றுங்கள். முடியில் மருந்து தங்கினால்தான் நிறம் மாறும்.

சரி, மூன்றில் எது பலம்? எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். கீட்டோகோனசோல் 2% ஷாம்புவையும் ஜிங்க் பைரித்தியோன் 1% ஷாம்புவையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. கடுமையான பொடுகு உள்ள 331 பேர், நான்கு வாரம். கீட்டோகோனசோல் போட்டவர்களின் பொடுகு 73% குறைந்தது, மற்றவர்களுக்கு 67%. கடைத்தட்டின் முன்னே நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். உண்மையில், மளிகைக் கடை மருந்தை ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருக்கிறது என்பதுதான் என் கண்ணில் படுகிறது. கீட்டோகோனசோல் மேலும் ஒரு விதத்தில் முந்தியது: நிறுத்திய பிறகு பொடுகு திரும்புவது அதில் குறைவாக இருந்தது. செலினியம் சல்ஃபைடு 2.5% மருந்தையும் கீட்டோகோனசோலையும் 1993-இல் ஒப்பிட்டபோது இரண்டுமே கேட்டன, ஆனால் தலைக்கு ஒத்துக்கொள்வதில் கீட்டோகோனசோல் மேல் என்று முடிவு வந்தது.

அதனால் என் வழக்கம் இப்படி. சட்டையில் உதிர்கிறது, கொஞ்சம் அரிக்கிறது, தோல் சிவக்கவில்லை என்றால் ஜிங்க் பைரித்தியோன். புருவம், மூக்கின் ஓரம், காதின் பின்புறம் எல்லாம் சிவந்து பிசுபிசுப்பான செதில் இருந்தால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால் கீட்டோகோனசோல். எண்ணெய் வழியும் தலையோடு முதுகில் தேமலும் இருந்தால் செலினியம் சல்ஃபைடு. தேமலும் இதே மலசீசியாவின் வேலைதான், அதனால் ஒரே பாட்டில் இரண்டுக்கும் ஆகும். 2.5% மருந்தைத் தேமல் உள்ள இடத்தில் கொஞ்சம் தண்ணீரோடு தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை, ஏழு நாள். பூஞ்சை போய்விட்டாலும் வெளுத்த தோல் பழைய நிறத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று மறுபடியும் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் செலினியம் வேண்டாம். கர்ப்பிணிகளும் கேட்காமல் வாங்க வேண்டாம். சொறிந்து புண்ணான தலையில் அதைப் போடவே கூடாது.

மண்டோர் அண்ணனின் நான்கு வாரம்

மருந்து எது என்பதைவிட அது தலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதே முக்கியம் என்று நான் நம்ப ஆரம்பித்தது ஒரு மண்டோர் அண்ணனால். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். காலையில் தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து, அதன் மேல் பாதுகாப்புத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, மதியம் வரை வெயிலில் இருப்பார். மாலையில் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட். அந்தத் தொப்பிக்குள் வியர்வையும் எண்ணெயும் சூடும் சேர்ந்து, மலசீசியாவுக்குத் தினமும் விருந்துதான். தோள் வெள்ளையாக இருந்தது. புருவம் சிவந்திருந்தது. மூக்கின் இரு ஓரத்திலும் மஞ்சள் செதில்.

"மூன்று மாதம் ஒரே ஷாம்புவைத் தினமும் போட்டேன், தங்கச்சி. ஒன்றும் ஆகவில்லை" என்றார். பாட்டிலைத் திருப்பினேன்: ஜிங்க் பைரித்தியோன் 1%. எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். "வேலை முடிந்து வந்து குளிக்கும்போது. தலையில் வைத்து, நுரை வந்ததும் ஊற்றிவிடுவேன்." அரை நிமிடம்கூட இருந்திருக்காது. அதுவும் காலையில் வைத்த எண்ணெயின் மேல். நடுவில் நண்பர் ஒருவர் சொன்னார் என்று செலினியம் சல்ஃபைடு வாங்கிப் போட்டிருக்கிறார். காதோரத்து நரையில் ஆரஞ்சுச் சாயல் ஏறிவிட்டது. வீட்டில் கேலி செய்தார்களாம், பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

புருவமும் மூக்கோரமும் சிவந்திருந்ததால் நான் கீட்டோகோனசோல் 2% கொடுத்தேன், 100 மில்லி பாட்டில். செய்யச் சொன்னது இவ்வளவுதான். புதன்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை மாலையும் மட்டும் மருந்து. முதலில் வீட்டில் இருக்கும் சாதாரண ஷாம்புவால் ஒருமுறை தலையைக் கழுவி எண்ணெயையும் வியர்வையையும் எடுத்துவிட வேண்டும். பிறகு இரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 10 மில்லி மருந்தை உள்ளங்கையில் எடுத்து, முடியை விரலால் வகுந்து வகுந்து தலைத்தோலில் படும்படி தேய்க்க வேண்டும். முடிக்கு மருந்து தேவையில்லை, தோலுக்குத்தான் தேவை. நகத்தால் பிறாண்டக் கூடாது, விரல் நுனியால் தேய்க்க வேண்டும். அந்த நுரையில் கொஞ்சம் எடுத்துக் கண்ணில் படாமல் புருவத்திலும் மூக்கோரத்திலும் மீசையிலும் தடவ வேண்டும். அப்படியே ஐந்து நிமிடம். பிறகு அலசிவிடலாம்.

ஐந்து நிமிடம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. குளியலறையில் சும்மா நிற்கும் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று சொன்னால் தெரியாது, நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஐந்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் கழுவிவிடுகிறார்கள். பல் தேய்த்து, முகச்சவரம் செய்துவிட்டு அலசுங்கள் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. நான்கு வாரத்துக்குத் தலையில் எண்ணெய் வேண்டாம் என்றதுதான் பிடிக்கவில்லை. "எண்ணெய் வைக்காவிட்டால் காய்ந்து இன்னும் கொட்டாதா?" என்றார். எண்ணெய் வைத்தால் செதில் தலையோடு ஒட்டிக்கொள்வதால் அது குறைந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். முழுக்க நம்பவில்லை, ஆனாலும் நான்கு வாரம் நிறுத்தினார். தொப்பியின் உள்பட்டையை வாரம் ஒருமுறை கழற்றித் துவைக்கவும் சொல்லியிருந்தேன்.

முதல் வாரம் முடிந்து வந்தபோது கோபமாக இருந்தார். அரிப்பு குறைந்திருக்கிறது, ஆனால் செதில் அப்படியே கொட்டுகிறது. இது எதிர்பார்த்ததுதான். பூஞ்சை குறைந்தாலும், அவசரத்தில் ஏற்கெனவே பிறந்துவிட்ட செல்கள் உதிர்ந்துதான் தீர வேண்டும். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பாட்டிலை மாற்றுகிறார்கள். இரண்டாவது வாரம் மூக்கோரத்துச் சிவப்பு இறங்கியது. நான்காவது வாரம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, தோளைத் தட்டிக் காட்டினார்.

கணக்கையும் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு, நான்கு வாரத்துக்கு எட்டு முறை, முறைக்கு 10 மில்லி. மொத்தம் 80 மில்லி. விலைச்சீட்டைப் பார்த்து, சின்னப் பாட்டிலுக்கு இவ்வளவா என்று மலைத்துப் பின்வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தினமும் ஊற்றும் பெரிய பாட்டில் மூன்று மாதத்தில் எத்தனை காலியானது என்று எண்ணினால் அந்த மலைப்பு குறையும். குட்டை முடிக்கு 5 மில்லிகூடப் போதும். இடுப்பு வரை கூந்தல் உள்ளவர்களுக்கும் தலைத்தோலின் பரப்பு அதேதான், முடிக்கென்று கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

அதோடு கதை முடியவில்லை. பொடுகைத் துரத்திவிட முடியும், வராமலே செய்துவிட முடியாது. பூஞ்சை எல்லோர் தலையிலும் குடியிருப்பது, ஒலியிக் அமிலத்தைத் தாங்காத தோல் பிறவியிலேயே அமைந்தது. அதனால் மிச்சம் இருந்த 20 மில்லியை வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டுவரச் சொன்னேன். அவர் போடவில்லை. தீபாவளிக்கு நல்லெண்ணெய்க் குளியல் குளித்து, அந்த ருசியில் மறுபடியும் தினமும் எண்ணெய் வைக்கத் தொடங்கினார். ஆறு வாரத்தில் புருவம் சிவந்தது. எண்ணெய்க் குளியலில் எனக்கு விரோதம் கிடையாது. தீபாவளியன்று நானும் குளிக்கிறேன். வைத்த எண்ணெயை அதே குளியலில் சீயக்காயோ ஷாம்புவோ போட்டு முழுக்க எடுத்துவிட்டால் போதும், இரவெல்லாம் ஊறவிட்டு அடுத்த நாளும் தொப்பிக்குள் வைத்திருக்க வேண்டாம். இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மருந்தும், மற்ற நாளில் சாதாரண ஷாம்புவுமாக இருக்கிறார். முடி கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது என்கிறார். கீட்டோகோனசோல் சிலருக்கு அப்படிச் செய்யும்.

யோசித்துப் பார்த்தால், அவர் முதலில் வாங்கிய ஜிங்க் பைரித்தியோனையே எண்ணெய் எடுத்த தலையில், ஐந்து நிமிடம் வைத்து, வாரத்துக்கு மூன்று முறை போட்டிருந்தால் பாதி வழியாவது வந்திருப்பார். அவர் முகத்தில் சிவப்பு இல்லாமல் இருந்திருந்தால் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பேன். கையில் இருக்கும் பாட்டிலை ஒழுங்காகப் போடாமல் அடுத்த மருந்துக்குத் தாவுவதில் பயன் இல்லை. இன்னொன்று: ஜிங்க் பைரித்தியோனும் செலினியம் சல்ஃபைடும் கரையாமல் மிதப்பவை. நாள்பட நின்ற பாட்டிலில் மருந்து அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் ஊற்றினால் மேலே இருக்கும் வெறும் சோப்புதான் தலைக்கு வரும்.

வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு செய்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஜிங்க் பைரித்தியோனைத் தடை செய்துவிட்டார்கள், நம் ஊரில் விஷத்தை விற்கிறார்கள் என்று அது சொல்லும். முதல் பாதி உண்மை. 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள்களில் அதைச் சேர்க்க முடியாது. விலங்குகளில் நடந்த சோதனைகளை வைத்து, கருவுக்குக் கேடு செய்யக்கூடிய பொருள்களின் வகையில் அதைச் சேர்த்தார்கள். அந்த வகையில் ஒரு பொருள் விழுந்துவிட்டால் அவர்கள் சட்டப்படி அழகுசாதனத்தில் தானாகவே தடை வந்துவிடும். விலக்கு வேண்டுமானால், வேறு மாற்று மருந்து இல்லை என்று காட்ட வேண்டும். பொடுகுக்கு வேறு மருந்துகள் இருப்பதால் விலக்குக் கிடைக்கவில்லை. கழுவிவிடும் பொடுகு ஷாம்புவில் 1% வரை பாதுகாப்பானது என்று அவர்களுடைய அறிவியல் குழுவே 2020-இல் சொல்லியிருந்தது. செய்தியை அனுப்புபவர்கள் இந்தப் பாதியைச் சேர்ப்பதில்லை. அங்கே இப்போது அதற்குப் பதிலாகப் பிரோக்டோன் ஓலமைன் அதிகம் வருகிறது. நம் ஊர்த் தட்டிலும் சில பாட்டில்களின் பின்பக்கம் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

பின்பக்கத்தைப் படிக்கும்போது பதிவு எண்ணையும் பாருங்கள். மருந்தாகப் பதிவானது எம்.ஏ.எல். என்ற எழுத்துகளில் தொடங்கும், அழகுசாதனமாக அறிவிக்கப்பட்டது என்.ஓ.டி. என்று தொடங்கும். பசார் மாலாமில் "கெலெமுமூர் மூன்றே நாளில் போகும்" என்று கூவி விற்கும் பாட்டிலில் இந்த இரண்டும் இல்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள்.

நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் அசையவில்லை என்றால், அது பொடுகுதானா என்றே சந்தேகப்பட வேண்டும். வெள்ளிபோல் மின்னும் தடித்த செதில் முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வருகிறதா, முழங்கையிலும் முழங்காலிலும் அதேபோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது சொரியாசிஸ் ஆக இருக்கலாம். தலைச்சாயம் பூசிய மறுநாளில் தொடங்கிய அரிப்பு என்றால், குறை சாயத்தில் இருக்கலாம். செதில் ஊதினால் பறக்கும். முடியோடு ஒட்டிக்கொண்டு, விரலால் இழுத்தாலும் நகராமல் இருப்பது ஈரு.

போன மாதம் ஒரு பாட்டி ஆறு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குப் பொடுகு, நல்ல ஷாம்புவாகக் கொடு என்றார். பிள்ளையின் பின்னந்தலையில் ஐம்பது சென் காசு அளவுக்கு ஒரு வட்டம், அதில் முடி ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நின்றது, சுற்றிலும் செதில். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைப் போலப் பொடுகு வருவது அரிது. எண்ணெய் சுரப்பு பெருகுவதே பருவ வயதில்தான். இது படர்தாமரை போலத் தெரிந்தது. அது வேறு வகைப் பூஞ்சை, முடியின் வேருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே எந்த ஷாம்புவும் தனியாக எட்டாது, வாய்வழி மருந்து வாரக்கணக்கில் வேண்டும். நான் ஒன்றும் விற்கவில்லை. சுகாதாரக் கிளினிக்கில் காட்டச் சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதுவரை பிள்ளையின் சீப்பையும் தலையணை உறையையும் தனியாக வைக்கச் சொன்னேன். பாட்டி சீட்டை மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டே, வீட்டில் பூனைக்கும் முதுகில் முடி கொட்டுகிறது என்றார். அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்றேன்.